ஒரே அவுட்புட்டில் ஸ்டீம் வால்வும் கூலிங் வால்வும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

ரியாக்டர் வெப்பநிலையைப் பிடித்து வைக்க ஒரு கன்ட்ரோலர், அதன் ஒரே அவுட்புட்டில் இரண்டு வால்வுகள். ஸ்ப்ளிட் ரேஞ்ச் என்று சொல்வது இதைத்தான். இந்த அமைப்பில் கோளாறு வந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது பிஐடி ட்யூனிங்கில். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகள் வால்வுக்குப் பக்கத்தில் இருந்தன, கணினித் திரையில் இல்லை. அதனால் கீழே உள்ள வழிமுறையில் ட்யூனிங் எப்போதும் பின்னால்தான் வரும்.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. 3 கிலோலிட்டர் ரியாக்டர். ஜாக்கெட்டில் பம்ப் மூலம் தண்ணீர் சுற்றுகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்க ஸ்டீம் போகும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், குளிர்விக்கக் கூலிங் வாட்டர் போகும் இன்னொன்று. கன்ட்ரோலர் அவுட்புட் 0% என்றால் கூலிங் வால்வு முழுசாகத் திறந்திருக்கும். 50% வரும்போது இரண்டும் மூடியிருக்கும். 100% என்றால் ஸ்டீம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும். கம்பியில் இது 4, 12, 20 மில்லி ஆம்பியர். காற்று போனால் ஸ்டீம் வால்வு ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும், கூலிங் வால்வு திறந்துகொள்ளும். உங்கள் இடத்தில் திசை மாறியிருந்தால் எண்களைத் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு சோதனை பொது. ரியாக்டரில் ரியாக்ஷன் எதுவும் ஓடாத நேரத்தில், பர்மிட் வாங்கிக்கொண்டு, கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். அவுட்புட்டை 0, 25, 45, 50, 55, 75, 100 என்று ஏற்றி, அதே வழியில் இறக்குங்கள். ஒருவர் பேனலில் இருக்க வேண்டும், ஒருவர் வால்வுக்கு முன்னால் நின்று ஸ்டெம்மில் உள்ள ஸ்கேலைப் படித்துச் சொல்ல வேண்டும். திரையில் வரும் சதவீதம் கன்ட்ரோலர் கேட்டது மட்டுமே, வால்வு செய்தது அல்ல. ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது வேறு அளவு வந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். இனி இதை ஸ்ட்ரோக் சோதனை என்று சொல்கிறேன்.

## அறிகுறி 1: செட் பாயின்ட்டைச் சுற்றி வெப்பநிலை ஊசலாடுகிறது, அவுட்புட் 50-ஐத் தாண்டித் தாண்டிப் போய் வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ஸ்டீம் கொஞ்ச நேரம், கூலிங் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி ஓடும்.

### முதலில்: மேனுவலில் போட்டால் நிற்கிறதா?

அவுட்புட்டை ஒரே இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் பாருங்கள். மேனுவலிலும் ஊசலாட்டம் தொடர்ந்தால் கோளாறு இந்த லூப்பில் இல்லை. ஸ்டீம் ஹெடர் பிரஷர் ஏறி இறங்குகிறதா, கூலிங் வாட்டர் பம்ப் நின்று நின்று ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் லூப்புக்குள்தான் ஏதோ இருக்கிறது. மேலே படியுங்கள்.

### வால்வு ஒட்டிப் பிடிக்கிறதா?

செலவில்லாத காரணம் இது, அடிக்கடி வருவதும் இதுதான். எங்கள் ரியாக்டரில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், அறிகுறி எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரியும்.

செட் பாயின்ட் 65 டிகிரி. வெப்பநிலை 62-க்கும் 68-க்கும் நடுவில் 12 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஆடியது. ஷிஃப்டில் இருந்தவர்கள் கெயினைப் பாதியாகக் குறைத்தார்கள். சுற்று 20 நிமிடமாக நீண்டது, ஆனால் ஆட்டத்தின் அளவு குறையவே இல்லை. இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். ட்யூனிங் கோளாறாக இருந்தால் கெயினைக் குறைத்ததும் ஆட்டம் அடங்கத் தொடங்கும். ஆட்டம் அப்படியே இருந்து நேரம் மட்டும் நீண்டால் எங்கேயோ ஒரு பாகம் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோலர் அந்தச் சிக்கலை விடுவிக்கும் அளவுக்கு அவுட்புட்டைத் தள்ள எடுக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது.

ஸ்ட்ரோக் சோதனையை 50-க்கு அருகில் ஒவ்வொரு சதவீதமாகச் செய்தோம். அவுட்புட் 51, 52 ஆன போதும் ஸ்டீம் வால்வின் ஸ்டெம் அசையவில்லை. 53-இல் சட்டென்று துள்ளி 6 சதவீதம் திறந்தது. இறக்கும்போது 50 வந்தும் அது மூடவில்லை, அந்த 6 சதவீதத்திலேயே நின்றது. 48-இல்தான் மூடியது. அதற்குள் கூலிங் வால்வு திறக்க ஆரம்பித்துவிட்டது. அதாவது 50-க்கும் 48-க்கும் நடுவில் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன.

காரணம் கிளாண்ட் பேக்கிங். இரண்டு வாரம் முன்பு ஸ்டெம் ஓரத்தில் ஸ்டீம் கசிந்ததால் ஃபிட்டர் நட்டை இறுக்கியிருந்தார். கசிவு நின்றது, ஸ்டெம்மும் நின்றது. பேக்கிங்கை மாற்றி, ஸ்டெம்மைத் துடைத்துப் பழைய டியூனிங்கையே திரும்பப் போட்டோம். வெப்பநிலை அரை டிகிரிக்குள் வந்து நின்றது.

உங்கள் வால்விலும் இப்படித்தான் பாருங்கள். அவுட்புட்டை ஒவ்வொரு சதவீதமாக நகர்த்துங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் நகர்த்திய பின்னும் ஸ்டெம் அசையாமல் நின்று, பிறகு துள்ளினால் பேக்கிங்கைச் சந்தேகப்படலாம். நட்டைத் தளர்த்துவதாக இருந்தால் முன்னால் உள்ள பிளாக் வால்வை மூடி, லைனில் பிரஷர் இறங்கியதை கேஜில் பார்த்த பிறகுதான். ஸ்டீம் லைனில் அவசரப்பட்டுச் செய்யும் வேலை இல்லை இது.

### இரண்டு ரேஞ்சும் ஒன்றோடொன்று ஏறிக்கிடக்கிறதா, அல்லது நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறதா?

ஸ்டெம் துள்ளாமல் வழுவழுப்பாக நகர்கிறது, ஆனால் 50-இல் இரண்டில் ஒன்று மூடவில்லை என்றால் பொசிஷனர் கேலிப்ரேஷன் நழுவியிருக்கிறது. சரிசெய்யும்போது இரண்டு வால்வும் 50-இலேயே சரியாக முட்டிக்கொள்ளும்படி வைக்காதீர்கள். சின்ன இடைவெளி வேண்டும். நான் வழக்கமாகக் கூலிங்கை 49-இலும் ஸ்டீமை 51-இலும் மூட வைப்பேன்.

பிளவை பிஎல்சிக்குள் செய்து இரண்டு தனி அவுட்புட் கொடுத்திருந்தால் இந்த வேலை சுலபம். CV கூலிங் வால்வின் திறப்பு, HV ஸ்டீம் வால்வின் திறப்பு:

```
IF OUT < 49 THEN CV := (49 - OUT) * 100 / 49; ELSE CV := 0; END_IF;
IF OUT > 51 THEN HV := (OUT - 51) * 100 / 49; ELSE HV := 0; END_IF;
```

இடைவெளியைத் தாராளமாக வைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. 10 சதவீத இடைவெளி வைத்த ஒரு ரியாக்டரையும் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலர் கெயின் டிகிரிக்கு 2 சதவீதம், இன்டக்ரல் நேரம் 10 நிமிடம் என்று வையுங்கள். வெப்பநிலை 1 டிகிரி விலகி அங்கேயே நின்றால் இன்டக்ரல் அவுட்புட்டை நிமிடத்துக்கு 0.2 சதவீதம்தான் நகர்த்தும். 10 சதவீதத்தைக் கடக்க 50 நிமிடம். அந்த நேரம் முழுக்க எந்த வால்வும் திறக்காது. நிஜத்தில் விலகல் வளர வளர வேகம் கூடும். ஆனால் அதற்குள் வெப்பநிலை எல்லை தாண்டிவிடும், அப்புறம் மறுபக்கம் ஆடும். 2 சதவீதம் என்றால் இதே கணக்கில் 10 நிமிடம், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

### இதெல்லாம் சரி என்றால் மட்டும்

இப்போது ட்யூனிங்கைத் தொடலாம். அதற்கு முன் அறிகுறி 4-ஐப் படியுங்கள்.

## அறிகுறி 2: வெப்பநிலை சரியாக நிற்கிறது, ஆனால் அவுட்புட் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது

இதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள், ஏனென்றால் பேட்ச் கெடுவதில்லை. ஸ்டீம் செலவு மட்டும் சத்தமில்லாமல் ஏறும். தேடிப் பிடிக்க வேண்டியது நாம்தான்.

ரியாக்ஷன் இல்லாமல் வெறும் தண்ணீரோ கரைப்பானோ 65 டிகிரியில் நிற்கிறது என்றால், வெளியே போகும் வெப்பத்தை ஈடுகட்டக் கொஞ்சம் ஸ்டீம் தேவை. எங்கள் ரியாக்டரில் அவுட்புட் 56-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு ரியாக்டருக்கும் இந்த எண் வேறு. எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் அதைக் குறித்து வைத்துவிடுங்கள், பின்னால் பெரிய உதவி. அதே நிலையில் அவுட்புட் ஒரு நாள் 44-இல் நின்றால் கன்ட்ரோலர் கூலிங் கேட்கிறது. சூடு எங்கிருந்தோ வருகிறது. மூடிய ஸ்டீம் வால்வு பாஸ் ஆகிறது என்பதுதான் முதல் சந்தேகம்.

### ஸ்டீம் பக்கம் பாஸ் ஆகிறதா?

ஸ்டீம் வால்வுக்கு முன்னால் உள்ள கை பிளாக் வால்வை மூடி, ஆட்டோவிலேயே விட்டுவிட்டுக் காத்திருங்கள். அவுட்புட் மெல்ல ஏறி 50-ஐத் தாண்டினால் சூடு அந்த வால்வு வழியாகத்தான் வந்தது. 50-க்குக் கீழேயே நின்றால் பைபாஸ் வால்வைத் தொட்டுப் பாருங்கள். கன்ட்ரோல் வால்வைக் கழற்றிப் பிரித்துப் பார்த்த பிறகு, பைபாஸ் கால் சுற்று திறந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

### கூலிங் பக்கம் பாஸ் ஆகிறதா?

எதிர்ப்பக்கம்: 56-இல் நிற்க வேண்டியது 70-இல் நிற்கிறது. கூலிங் வாட்டர் பிளாக் வால்வை மூடியதும் அவுட்புட் 56-க்கு இறங்கினால் கூலிங் வால்வு பாஸ் ஆகிறது. ஆனால் வெப்பம் வெளியிடும் ரியாக்ஷன் ஓடும்போது இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். கூலிங் பிளாக் வால்வை மூடுவது அந்த ரியாக்டரின் ஒரே பாதுகாப்பை மூடுவது. வெறும் தண்ணீர் இருக்கும்போது செய்யுங்கள், முடிந்ததும் திறந்ததை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

### பாஸ் ஆவது உறுதியானால், இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் காற்று. கூலிங் வால்வு காற்றால் மூடுவது என்பதை மறக்கக் கூடாது. ஏர் ஹெடர் பிரஷர் குறைந்தால் அது ஸ்பிரிங்கை எதிர்த்து முழுசாக மூட முடியாது, ஸ்டீம் வால்வும் முழுசாகத் திறக்க முடியாது. இரண்டும் சேர்ந்து ரியாக்டரைக் குளிர வைக்கும். வேறு யூனிட்டில் காற்றை அதிகம் இழுக்கும் நேரத்தில் மட்டும் கோளாறு வந்தால் இதுதான். பொசிஷனரின் சப்ளை கேஜைப் பாருங்கள், ஃபில்டர் ரெகுலேட்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இதை வாரம் ஒரு முறை செய்வேன்.

அடுத்து கை சக்கரம். வால்வின் பக்கவாட்டில் ஹேண்ட்வீல் இருந்தால், பழைய வேலைக்காகச் சுற்றியது முழுசாகத் திரும்ப வராமல் ஸ்டெம்மைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். அதற்கடுத்து பொசிஷனர்: மூடும் முனையில் முழுக் காற்றையோ முழு ஸ்பிரிங் விசையையோ கொடுத்து சீட்டில் அழுத்தி மூடும் வசதியை இயக்கியிருக்கிறார்களா பாருங்கள். சிபார்ட் பிஎஸ்2 பொசிஷனரில் அது `YCLS` என்ற பாராமீட்டர்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ் ஆனால் சீட்டும் பிளக்கும் தேய்ந்திருக்கின்றன. ஸ்டீம் வால்வை 2, 3 சதவீதத் திறப்பிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால் சீட்டைக் கீறிவிடும். நான்காம் வகைக் கசிவு என்று மதிப்பிட்ட நல்ல வால்வில் மூடிய நிலைக் கசிவு, முழுத் திறப்பில் போகும் அளவில் 0.01 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அவுட்புட்டை 12 புள்ளி இடம்பெயர்க்கும் கசிவு அதைவிடப் பல மடங்கு. இது வால்வைக் கழற்றும் வேலை, வெளியிலிருந்து வால்வு சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: வேலை பார்த்த பிறகு இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கின்றன, அல்லது வெப்பநிலை எதிர்த் திசையில் ஓடுகிறது

நேற்று வரை நன்றாக இருந்தது, பொசிஷனர் மாற்றிய பிறகு கெட்டது என்றால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். புதிய பொசிஷனரோ, ஃபேக்டரி ரீசெட் கொடுத்த பொசிஷனரோ 4 முதல் 20 வரை முழு ரேஞ்சுக்கே வேலை செய்யும். ஸ்டீம் வால்வு 12-இல் திறக்கத் தொடங்க வேண்டியது, 12-இலேயே பாதி திறந்திருக்கும். பொசிஷனரின் தானியங்கி கேலிப்ரேஷன் ஸ்டெம்மின் இரண்டு முனைகளைத்தான் கற்றுக்கொள்கிறது, ஸ்ப்ளிட் ரேஞ்சை அதற்குச் சொல்ல வேண்டியது நாம்.

சிபார்ட் பிஎஸ்2-இல் பார்க்க வேண்டியவை `SPRA`, `SPRE`, `SDIR` மூன்றும். முதல் இரண்டும் ரேஞ்சின் தொடக்கமும் முடிவும், மூன்றாவது திசை. ஸ்டீம் வால்வுக்கு 51, 100, ஏறுமுகம். கூலிங் வால்வுக்கு ரேஞ்ச் கீழ்ப் பாதியில், திசை இறங்குமுகம். போட்ட பிறகு மனக்கணக்கை நம்பாமல் 4, 12, 20 மூன்று இடத்திலும் ஸ்டெம்மைப் பாருங்கள். 4-இல் கூலிங் மட்டும் திறந்திருக்க வேண்டும், 12-இல் எதுவும் இல்லை, 20-இல் ஸ்டீம் மட்டும்.

மூன்றும் சரி, ஆனாலும் வெப்பநிலை ஓடுகிறது என்றால் கன்ட்ரோலரின் ஆக்ஷனைப் பாருங்கள். இந்த அமைப்பில் வெப்பநிலை ஏறினால் அவுட்புட் இறங்க வேண்டும், அதாவது ரிவர்ஸ் ஆக்ஷன். அப்புறம் ஒரு முக்கியமான சோதனை மீதி இருக்கிறது: பொசிஷனருக்குப் போகும் காற்றை மூடிப் பாருங்கள். ஸ்டீம் மூடி, கூலிங் திறக்க வேண்டும். அது நடக்காவிட்டால் யூனிட்டை ஓட்டாதீர்கள்.

## அறிகுறி 4: சூடாக்கும்போது ஆடுகிறது, குளிர்விக்கும்போது மந்தமாக இருக்கிறது

வால்வுகள் இரண்டும் நல்லவை, ஸ்ட்ரோக் சோதனையிலும் தேறிவிட்டன. ஆனால் ஸ்டீமுக்கு ஏற்ற ட்யூனிங் கூலிங்குக்குப் போதவில்லை, கூலிங்குக்கு ஏற்றினால் ஸ்டீம் ஆடுகிறது. ஸ்டீமின் ஒரு சதவீதத் திறப்புக்கும் கூலிங் வாட்டரின் ஒரு சதவீதத் திறப்புக்கும் பலம் ஒன்றல்ல, அதுதான் காரணம்.

மேனுவலில் ஒவ்வொரு வால்வையும் 10 சதவீதம் கூடத் திறந்து, ஜாக்கெட் வெப்பநிலை எவ்வளவு மாறி நிற்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். ஸ்டீமில் ஒரு சதவீதத்துக்கு 1.5 டிகிரியும் கூலிங்கில் 0.5 டிகிரியும் வந்தால், பலமான வால்வுக்கு அகலமான ரேஞ்ச் கொடுக்க வேண்டும். Kc கூலிங்கின் டிகிரி, Kh ஸ்டீமின் டிகிரி என்றால் பிளவுப் புள்ளி இப்படி வரும்:

```
x = 100 * Kc / (Kc + Kh) = 100 * 0.5 / 2.0 = 25
```

கூலிங்குக்கு 0 முதல் 25, ஸ்டீமுக்கு 25 முதல் 100. இப்போது அவுட்புட்டின் ஒரு சதவீதம் இரண்டு பக்கமும் 2 டிகிரிதான் நகர்த்தும், ஒரே ட்யூனிங் இரண்டுக்கும் பொருந்தும். பிளவு பிஎல்சியில் இருந்தால் சில எண்களை மாற்றும் வேலை. பொசிஷனரில் இருந்தால் 12 மில்லி ஆம்பியருக்குப் பதில் 8. மாற்றியதை லூப் டிராயிங்கிலும் ஆபரேட்டர் பேனலிலும் எழுதிவிடுங்கள். 50-இல் இரண்டும் மூடியிருக்கும் என்று நம்பி நாளைக்கு ஒருவர் மேனுவலில் 50 போட்டால், ஸ்டீம் மூன்றில் ஒரு பங்கு திறந்துவிடும்.

## அறிகுறி 5: திரையில் 100%, ஆனால் ஸ்டீம் வால்வு முழுசாகத் திறக்கவில்லை

கூலிங் பக்கம் எந்தக் குறையும் இல்லை, ஸ்டீம் மட்டும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. காற்றைப் பார்த்துவிட்டீர்கள், பிரஷர் சரி. இரண்டு பொசிஷனரும் ஒரே கம்பியில் வரிசையாக இணைந்திருக்கின்றனவா?

மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து லூப்பில் தொடராகச் சேருங்கள். திரையில் 100 இருக்கும்போது மீட்டரில் 16, 17 என்று நின்றால் அவுட்புட் கார்டு மூச்சு வாங்குகிறது. 750 ஓம் வரை தாங்கும் கார்டு 20 மில்லி ஆம்பியரில் 15 வோல்ட்தான் தள்ள முடியும். ஒரு பொசிஷனருக்கு 8, 9 வோல்ட் தேவைப்பட்டால் ஒன்றுக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. பழைய பொசிஷனருக்குப் பதில் புதிய ஸ்மார்ட் பொசிஷனர் போட்ட பிறகு இந்தக் கோளாறு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஜங்ஷன் பாக்ஸில் துருப்பிடித்த டெர்மினலை முதலில் சுத்தம் செய்து பாருங்கள். தேறாவிட்டால் சிக்னல் ஐசோலேட்டர் ஒன்று போடலாம். காலி சேனல் இருந்தால் இரண்டு தனி அவுட்புட்டாகப் பிரிப்பதே நல்லது, நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

## எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

சீட் தேய்ந்த வால்வு, உடைந்த ஸ்பிரிங், கிழிந்த டயாஃப்ரம் என்றால் வால்வு சர்வீஸ் ஆட்கள் வர வேண்டும். ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும், தெரியாமல் போல்ட்டைக் கழற்றினால் ஆளை அடிக்கும். ஆபத்தான ஏரியாவில் கம்பி இணைப்பை மாற்றுவதும் ஐசோலேட்டர் போடுவதும் அந்தப் பகுதிக்கான தகுதி பெற்ற இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் வேலை.

ரியாக்ஷன் ஓடும்போது வெப்பநிலை ஏறி, அவுட்புட் 0-க்கு வந்து, கூலிங் வால்வு திறந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிடுங்கள். அது பிழை தேடும் நேரம் இல்லை. ஃபீடை நிறுத்தி, ஸ்டீம் பிளாக் வால்வைக் கையால் மூடி, அந்த பேட்ச்சுக்கு எழுதி வைத்திருக்கும் அவசர வழிமுறைப்படி ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள். ஸ்ட்ரோக் சோதனையை ரியாக்டர் ஆறிக் காலியான பிறகு செய்துகொள்ளலாம்.